கருப்பு-வெள்ளைப் படத்தில் தலைமுடிக்கு நிறம் கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

வண்ணப் படத்தில் முடியின் நிறத்தை மாற்றப் பழகியவர்கள், கருப்பு-வெள்ளைப் படத்தைத் திறந்ததும் முதலில் தொடுவது `Hue` ஸ்லைடரைத்தான். அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் எதுவும் நடக்காது. இருக்கும் நிறத்தை இன்னொன்றாகத் திருப்புவதுதான் அதன் வேலை. இங்கே திருப்புவதற்கு நிறமே இல்லை. அடுத்து `Colorize` பெட்டியை டிக் செய்வார்கள். முடி முழுக்க ஒரே பழுப்பு ஏறி, விக் வைத்தது போல ஆகிவிடும்.

இந்த வகைப் படத்தில் நம்மிடம் உள்ள ஒரே தகவல் வெளிச்ச அளவு, அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பது. அதனால் முடிக்கு ஒரு நிறத்தைக் கொடுக்கக் கூடாது. நிழலுக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு ஒன்று, மினுக்கத்துக்கு ஒன்று என்று வெளிச்ச அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

ஒரு படத்தை வைத்தே முழுவதையும் செய்வோம். ஸ்கேன் செய்த பழைய கருப்பு-வெள்ளை உருவப்படம். தோள் வரை முடி உள்ள ஒரு பெண், பின்னால் வெளுத்த சுவர். முடியை அடர் பழுப்பாக்க வேண்டும். நான் சொல்லும் மெனுப் பெயர்கள் போட்டோஷாப்பில் உள்ளவை. போட்டோபீயாவிலும் பெரும்பாலும் இதே பெயர்கள்தான். ஜிம்ப் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. நிறம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்

சுத்தமான கருப்பு-வெள்ளைப் படம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். கடுமையான ஃபில்டர் போட்ட படம் என்றால் இதைத் தவிர்க்காதீர்கள். பார்க்க ஒரே நீலமாகவோ செம்பழுப்பாகவோ தெரியும் படத்தில், அடியில் கொஞ்சம் அசல் நிறம் மிச்சம் இருக்கக்கூடும். அது இருந்தால் அதை மீட்பதுதான் நல்லது. புதிதாகப் போடும் நிறம் எதுவும் அதற்கு ஈடாகாது.

`Info` பேனலை `HSB` அளவுக்கு மாற்றுங்கள். உதடு, கன்னம், முடி, உடை என நான்கு இடங்களில் கர்சரை வைத்து `H` எண்ணைப் பாருங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே எண், இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் மட்டும் என்றால், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் முக்கிவிட்டது, அசல் நிறம் போய்விட்டது என்று அர்த்தம். உதட்டுக்கும் உடைக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரிந்தால், முதலில் `Curves`-இல் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகச் சரிசெய்து பாருங்கள். அதில் பாதி வந்தால்கூட, முடியின் நிறம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

## 2. எந்த நிறம் என்பதை வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

சாம்பல் அளவைப் பார்த்து அசல் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிறத்தின் வெளிச்ச அளவை ஏறக்குறைய இப்படிக் கணக்கிடலாம்:

```
வெளிச்சம் = 0.30 × சிவப்பு + 0.59 × பச்சை + 0.11 × நீலம்
```

அடர் பழுப்பான 90, 56, 37 என்ற நிறத்தை இதில் போட்டால் 64 வரும். செம்பு கலந்த பழுப்பான 104, 49, 35-க்கும் 64தான். வெறும் சாம்பலான 64, 64, 64-க்கும் அதேதான். மூன்று விதமான முடி, கருப்பு-வெள்ளையில் ஒரே சாயல்.

பழைய படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்த்தோகுரோமேட்டிக் வகை ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் எடுத்த படத்தில் செம்பட்டை முடி உண்மையில் இருந்ததைவிடக் கருத்துத் தெரியும். உதடும் அப்படித்தான் இருண்டுபோகும். ஒரு பழைய படத்தில் உதடு மிகவும் கருத்திருந்தால், முடியின் கருமையையும் அப்படியே நம்பாதீர்கள்.

எனவே நிறத்துக்கு ஆதாரம் படத்துக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும். அதே ஆளின் பிற்கால வண்ணப் படம், உறவினர் நினைவு, இல்லையென்றால் ஒரே மாதிரி வெளிச்சத்தில் எடுத்த வேறொருவரின் வண்ணப் படம். வண்ணப் படத்திலிருந்து நிறம் எடுக்கும்போது ஐட்ராப்பரின் `Sample Size`-ஐ `5 by 5 Average` என்று வையுங்கள். ஒற்றைப் பிக்சலாக எடுத்தால் அது ஒரு இழையின் பளபளப்பாகவோ இரண்டு இழைக்கு நடுவில் உள்ள நிழலாகவோ இருந்துவிடும். முடியில் நிழல், நடுப்பகுதி, மினுக்கம் என மூன்று இடங்களில் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. சுத்தமான சாம்பல் அடித்தளம் தயார் செய்யுங்கள்

பழைய பிரிண்ட்டை நீங்களே ஸ்கேன் செய்வதாக இருந்தால், கருப்பு-வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ண ஸ்கேனாகவே எடுங்கள். காரணம் இருக்கிறது. மஞ்சள் பாய்ந்த கறை நீலச் சேனலில் அழுத்தமாகத் தெரியும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மங்கிவிடும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் கறையில் ஒரு பங்கு வேலை செய்யாமலே குறைந்துவிடும்.

அதற்கு `Channel Mixer` லேயர் ஒன்று போட்டு, `Monochrome` டிக் செய்து, சிவப்பை 100, மற்ற இரண்டையும் 0 என்று வையுங்கள். ஜிம்ப்பில் `Colors > Components > Extract Component`. செம்பழுப்பு ஃபில்டர் போட்ட படத்துக்கும் இதே வழி பொருந்தும். ஜேபெக் கோப்புகளில் நீலச் சேனலில்தான் கட்டம் கட்டமான சிதைவு அதிகம் தெரியும். அதனால் மூன்று சேனலையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முடி இழை எதில் தெளிவாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

கோப்பு `Grayscale` முறையில் இருந்தால் `Image > Mode > RGB Color` கொடுத்து மாற்றுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர், எந்த நிறத்தை எடுத்தாலும் சாம்பலாகவே வருகிறதே என்று குழம்புகிறார்கள். அதே மெனுவில் `16 Bits/Channel`-ஐயும் தேர்ந்தெடுங்கள். நிழல் பகுதியை இழுத்து வெளுக்கும்போது சாயல் படிப்படியாக உடையாமல் இருக்க இது உதவும்.

கீறல், தூசி, கறை எல்லாவற்றையும் இப்போதே துடைத்துவிடுங்கள். நிறம் போட்ட பிறகு துடைத்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு லேயரில் செய்ய வேண்டியிருக்கும்.

## 4. நிறத்துக்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகும் படி இது. பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. நாம் நிறத்தை வெளிச்ச அளவோடு கட்டப் போகிறோம். நிறம் போட்ட பிறகு வெளிச்சத்தை மாற்றினால், கட்டியது எல்லாம் இடம் மாறிவிடும்.

மங்கலான ஃபில்டர் போட்ட படத்தில் ஆகக் கருத்த இடம்கூட `Info` பேனலின் `RGB` அளவில் 35, 40 என்று காட்டும். `Levels`-இன் இடது முக்கோணத்தை ஹிஸ்டோகிராம் தொடங்கும் இடம் வரை நகர்த்துங்கள். நம் எடுத்துக்காட்டுப் படத்தில் இதைச் செய்த பிறகு முடியின் ஆழ்ந்த நிழல் 18, பெரும்பகுதி 64, வெளிச்சம் படும் பகுதி 130, உச்சி மினுக்கம் 205 என்று வந்தது. இந்த நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் இதே நான்கு இடங்களில்தான் அளக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். மாறினால் படத்தில் இன்னும் ஏதோ சாயம் மிச்சம் இருக்கிறது.

எதிர்ப்பக்கச் சிக்கல் இதைவிடக் கடினம். அழுத்தமான ஃபில்டர் முடியை மொத்தமாகக் கருப்பில் அமுக்கியிருக்கும். 0 முதல் 5 வரை உள்ள இடத்தில் எந்த நிறமும் ஒட்டாது, ஏனென்றால் கருப்புக்கு நிறம் ஏற இடமே இல்லை. தற்காலிகமாக ஒரு `Curves` லேயர் போட்டு நிழலை நன்றாகத் தூக்கிப் பாருங்கள். இழை இழையாகத் தெரிந்தால் பிழைத்தது, மிதமாகத் தூக்கி வேலையைத் தொடரலாம். வெறும் புள்ளிகளும் கட்டங்களும் மட்டும் தெரிந்தால், அங்கே முடியே பதிவாகவில்லை. அந்த இடத்தைக் கருப்பாகவே விட்டு, ஓரங்களுக்கும் மினுக்கத்துக்கும் மட்டும் நிறம் கொடுங்கள். அதைத் தூக்கி நிறம் பூசினால் அழுக்குப் படிந்த துணி மாதிரிதான் கிடைக்கும்.

கருமுடியைப் பொன்னிறமாக்க முடியுமா என்ற கேள்வியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 64-ஐ 90, 100 வரை தூக்கலாம், இளம் பழுப்பு வரும். அதற்கு மேல் போனால் ஃபிலிமின் மணல் துகள் மேலே வந்துவிடும். தவிர, கருமுடியின் மினுக்கம் கூர்மையானது, பொன்னிற முடியில் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் அவ்வளவு இடைவெளி இருக்காது. நான் இந்த வேலையை எடுப்பதில்லை. எடுத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

## 5. முகத்துக்கு முதலில், முடிக்கு அப்புறம்

முடிக்கு மட்டும் நிறம் போட்டு முகத்தைச் சாம்பலாக விட்டால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒட்டாது. முகத்துக்கும் லேசான தோல் நிறம் வேண்டும். அதைத் தனி லேயராக, லேயரின் கலப்பு முறையை `Color` என்று வைத்து, முடி லேயருக்குக் கீழே, முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் நெற்றியோரம். அங்கே முடி அடர்த்தியாகத் தொடங்குவதில்லை, தோல் தெரியத் தெரிய இழைகள் வளர்கின்றன. எனவே தோல் நிறத்தை முடிக்குள் 15, 20 பிக்சல் வரை நீட்டிப் பூசுங்கள். வகிட்டின் மேலும் பூசுங்கள். அப்புறம் முடி நிறம் மேலே மெல்லப் படியும்போது, இடைவெளிகளில் கீழே உள்ள தோல் நிறம் தெரியும். இப்படிச் செய்யாமல் இரண்டையும் கோடு போட்டது போல் நிறுத்தினால், நடுவில் ஒரு சாம்பல் வளையம் நிற்கும். கருப்பு-வெள்ளைப் படத்துக்கு நிறம் போட்டது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சாம்பல் வளையம்தான்.

## 6. முடிக்கான கிரேடியன்ட்டை உருவாக்குங்கள்

ஒற்றை நிறம் ஏன் தோற்கிறது என்பதை எண்களில் பார்த்துவிட்டால், மீதி எளிது. 90, 56, 37 என்ற அந்தப் பழுப்பை `Color` முறையில் முடி முழுக்கப் பூசுகிறோம் என்று வையுங்கள். இந்த முறை கீழே உள்ள படத்தின் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, மேலே உள்ள நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். 64 உள்ள இடத்தில் அதே பழுப்பு வருகிறது, சரி. ஆனால் 205 உள்ள மினுக்கத்தில் அது 231, 197, 178 ஆகிறது. அது இளஞ்சிவப்பு கலந்த தோல் நிறம்! 18 உள்ள நிழலிலோ ஏறக்குறைய 35, 13, 0 ஆகிறது, அதாவது துரு நிறம். நிழல் துருவாகவும் மினுக்கம் தோலாகவும் இருந்தால் முடி எப்படி முடியாகத் தெரியும்?

உண்மையான முடியில் மேல் மினுக்கம் என்பது இழையின் வெளிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி. அதில் முடியின் நிறம் இருக்காது, விளக்கின் நிறம்தான் இருக்கும். இழைக்குள் புகுந்து வெளியே வரும் ஒளியில்தான் முடியின் நிறம் ஏறுகிறது, அது நடுப்பகுதியிலும் மினுக்கத்தை ஒட்டியும் தெரியும். ஆழ்ந்த நிழலில் நிறமே அடங்கிவிடும். ஆகவே நடுவில் நிறம் செழிப்பாகவும் இரண்டு முனைகளிலும் வெளிறியும் இருக்க வேண்டும்.

அடர் பழுப்புக்கு நான் வைக்கும் நிறுத்தங்கள் இவை. முதல் எண் கிரேடியன்ட்டில் இடம், அடுத்தவை நிறம்:

```
0%     0, 0, 0
7%     24, 16, 13
25%    90, 56, 37
51%    158, 122, 98
80%    212, 203, 197
100%   255, 255, 255
```

7% என்பது 255-இல் 18. 25% என்பது 64. 51% என்பது 130. 80% என்பது 205. நாம் அளந்து வைத்த அதே நான்கு எண்கள்தான். ஒவ்வொரு நிறத்தின் வெளிச்ச அளவும் தன் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று மேலே சொன்ன கணக்கில் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் `Color` முறை அதை இழுத்துப் பொருத்தும், அப்போது நிறத்தின் அழுத்தம் நீங்கள் நினைத்தது போல் வராது.

கருமுடி வேண்டுமென்றால் இதே இடங்களில் நிறத்தை வெகுவாக அடக்குங்கள். நடுப்பகுதியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு எண் வித்தியாசம் போதும். சிலர் கருமுடிக்கு நீலம் போடுகிறார்கள். வெளிப்புற ஒளியில் எடுத்த படம் என்றால் மினுக்கத்தில் துளி நீலம் இருக்கலாம், நடுப்பகுதியில் வேண்டவே வேண்டாம்.

இந்த அமைப்பால் ஒரு நன்மையும் உண்டு. கருமுடிக்கு நடுவே நரைத்த இழைகள் இருந்தால் அவை வெளுத்த எண்ணில் இருக்கும், கிரேடியன்ட் தானாகவே அவற்றுக்கு நிறமில்லாத வெளுப்பைக் கொடுத்துவிடும். தனியாகத் தேடி அழிக்க வேண்டாம்.

## 7. மங்கலாக்கிய நகலின் மேல் நிறம் போடுங்கள்

கிரேடியன்ட்டை நேராகப் படத்தின் மேல் போட்டால், ஃபிலிம் துகள் ஒவ்வொன்றும் வேறு வெளிச்சத்தில் இருப்பதால், ஒவ்வொன்றும் வேறு நிறம் வாங்கும். 100% அளவில் பார்த்தால் முடிக்குள் பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள் மின்னும். இதைத் தவிர்க்க ஒரு சுற்றுவழி போக வேண்டும்.

முதலில், இதுவரை செய்த அடித்தளத்தின் ஒட்டுமொத்த நகலை எடுங்கள். தோல் நிற லேயரை மறைத்துவிட்டு `Ctrl+Shift+Alt+E` அழுத்தினால் புது லேயராக வரும். அப்புறம் தோல் லேயரைத் திரும்பக் காட்டி, நகலை அதற்கு மேலே வையுங்கள்.

அடுத்து, நகலுக்கு `Gaussian Blur` கொடுங்கள். 2 பிக்சலில் தொடங்குங்கள். துகள் மறைந்து, முடிக்கற்றைகள் கற்றைகளாகவே தெரியும் அளவு போதும்.

அதன் மேல் `Gradient Map` லேயர் போட்டு, நகலோடு மட்டும் கிளிப் செய்யுங்கள். அதன் முறை `Normal`-ஆகவே இருக்கட்டும், `Dither` டிக் செய்யுங்கள். கடைசியில் மங்கலாக்கிய நகலின் முறையை `Color` என்று மாற்றுங்கள். ஜிம்ப்பில் நகலெடுத்து, மங்கலாக்கி, `Colors > Map > Gradient Map` கொடுத்து, லேயர் முறையை `LCh Color` என்று வைத்தால் ஆயிற்று. அங்கே அப்போது தேர்வில் உள்ள கிரேடியன்ட்தான் ஏறும், எனவே உங்களுடையதை முதலில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இழையின் கூர்மை கீழே உள்ள படத்தின் வெளிச்சத்திலிருந்து வருகிறது. நிறம் மட்டும்தான் மங்கலான நகலிலிருந்து வருகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் மங்கல் தெரியவே தெரியாது.

இப்போது படம் முழுக்கப் பழுப்பாகத் தெரியும். பதற வேண்டாம், மாஸ்க் அடுத்த படியில்.

## 8. மாஸ்க்: எங்கே கவனம், எங்கே தாராளம்

நகலையும் கிரேடியன்ட்டையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்குக் கருப்பு மாஸ்க் கொடுங்கள். பின்னால் சேர்க்கும் லேயர்களும் அதே மாஸ்க்குக்குள் அடங்கும். குரூப்பின் முறை `Pass Through` என்றே இருக்க வேண்டும். `Normal` என்று மாறிவிட்டால் `Color` முறை கீழே உள்ள படத்தைப் பார்க்காது, முடி திடீரென்று மங்கலாகிவிடும். முடி மங்கலானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

புதியவர்கள் அதிக நேரம் செலவழிப்பது முடியின் வெளி ஓரத்தில், பறக்கும் இழைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரைவதில். நம் படத்தில் அது தேவையே இல்லை. பின்னால் உள்ள சுவர் 220-க்கு மேல் இருக்கிறது. கிரேடியன்ட்டின் அந்த முனையில் நிறமே இல்லை. எனவே மாஸ்க் சுவரின் மேல் கொஞ்சம் வழிந்தாலும் எதுவும் தெரியாது. மென்மையான பிரஷ்ஷால் பறக்கும் இழைகளையும் சேர்த்துத் தாராளமாகப் பூசிவிடுங்கள். மிக இருண்ட பின்னணிக்கும் இதே சலுகை உண்டு. நடுச் சாம்பல் பின்னணி என்றால் மட்டும்தான் வெளி ஓரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அந்த நிலையில் தானாக முடியைத் தேடும் கருவிகளையும் நம்பாதீர்கள். முடியும் பின்னணியும் ஒரே சாயலில் இருந்தால் அவற்றுக்குப் பிடிப்பு கிடைக்காது.

கவனம் தேவைப்படுவது தோலை ஒட்டிய இடங்களில். தோல் 130, 150 என்ற அளவில் இருக்கும், அங்கேதான் கிரேடியன்ட் நன்றாக ஒட்டும். நெற்றியோரத்தில் பெரிய மென்மையான பிரஷ்ஷை `Flow` 15% வைத்து, முடி வளரும் திசையில், உள்ளேயிருந்து வெளியே இழுங்கள். தொடக்க ஓரத்தில் மாஸ்க் பாதிச் சாம்பலாக நின்றால் போதும். அப்புறம் 2, 3 பிக்சல் பிரஷ்ஷால் நெற்றியில் விழும் இழைகளைத் தனியாக இழுங்கள். காதின் மேல் விழும் முடிக்கும் இதே வழிதான். வகிட்டில் மாஸ்க்கை முழுதாகத் துடைக்காமல் மூன்றில் ஒரு பங்கு விட்டுவையுங்கள், ஏனென்றால் வகிட்டிலும் முடியின் வேர்கள் தெரியும்.

புருவத்தை மறக்க வேண்டாம். முடி பழுப்பாகிப் புருவம் சாம்பலாக நின்றால் முகமே மாறிவிடும். அதே மாஸ்க்கில் புருவத்தின் மேல் 60% அளவு பூசுங்கள். ஆண் படம் என்றால் மீசை, தாடி, கிருதா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

## 9. ஒரே சீராக இருப்பதை உடையுங்கள்

இப்போது முடி நன்றாகவே இருக்கும், ஆனால் ஏதோ ஒன்று குறையும். ஒரே வெளிச்சம் உள்ள இடமெல்லாம் ஒரே பழுப்பு என்பதால்தான் அது. உண்மையில் முடியின் நுனி கொஞ்சம் வெயிலில் வெளுத்திருக்கும், வேர்ப் பக்கம் அடர்ந்திருக்கும்.

குரூப்புக்குள் மேலே ஒரு காலி லேயர் போட்டு, முறையை `Hue` என்று வையுங்கள். `Color` வேண்டாம். `Hue` முறை நிறத்தின் திசையை மட்டும் மாற்றும், அழுத்தத்தைத் தொடாது. எனவே நாம் கவனமாக வெளிறவிட்ட மினுக்கத்தில் புதிதாக நிறம் ஏறாது. நம் பழுப்பின் `H` எண் ஏறக்குறைய 22. நுனிப் பக்கம் 28 உள்ள பழுப்பையும், உட்பக்கம் 16 உள்ளதையும், பெரிய பிரஷ்ஷில் 15% அளவில், கற்றையின் போக்கிலேயே இழுங்கள். தனியாகப் பார்த்தால் தெரியாத அளவில் நிறுத்துங்கள். இதற்கு மேல் போனால் சாயம் போட்ட முடி போல ஆகும்.

## 10. சோதனை

மூன்று சோதனைகள் செய்கிறேன், மூன்றும் தற்காலிக லேயர்கள்தான்.

முதலாவது, எல்லாவற்றுக்கும் மேலே `Hue/Saturation` லேயர் போட்டு `Saturation`-ஐ +60 ஆக்குங்கள். நெற்றியில் வழிந்த பழுப்பு, காலரில் பட்ட கறை, மாஸ்க் எட்டாத சாம்பல் திட்டு எல்லாம் கத்திக்கொண்டு வெளியே வரும். நம் படத்தில் கழுத்தின் இடது பக்கம், முடிக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு திட்டு இப்படித்தான் தெரிந்தது. சாதாரணமாகப் பார்த்தபோது அது நிழல் மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது, மேலே நடுச் சாம்பல் நிரப்பிய லேயரை `Color` முறையில் வையுங்கள். நிறம் எல்லாம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அது படி 4-இன் முடிவில் இருந்த படத்தைப் போலவே இருக்க வேண்டும். முடி வெளுத்தோ கருத்தோ தெரிந்தால், ஏதோ ஒரு லேயர் தவறான முறையில் இருக்கிறது.

மூன்றாவது, படத்தை 25% அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண் முடிக்குப் போனால் நிறம் அதிகம். குரூப்பின் `Opacity`-ஐ 80% வரை இறக்குங்கள். பெரும்பாலான படங்களில் நான் 80-க்கும் 90-க்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

லேயர்களோடு ஒரு கோப்பைச் சேமித்துவிட்டு, பகிர்வதற்கு மட்டும் `sRGB` முறையில் ஜேபெக் எடுங்கள். கிரேடியன்ட்டையும் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஆனால் அடுத்த படத்தில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அந்தப் படத்தின் நான்கு எண்களை அளந்து, நிறுத்தங்களை அந்த இடங்களுக்கு நகர்த்துங்கள். நகர்த்திய இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் வெளுக்கவோ கருக்கவோ வேண்டியிருக்கும்.